அந்தக் கெட்டில் வீடியோவும் நீங்கள் தொட்ட காரணமும்

மூன்று நாளாக அந்தக் கெட்டில் வீடியோவை எனக்கு அனுப்பாதவர்கள் இல்லை. "உங்க ஆளுங்க வேலை பார்க்கிற லட்சணத்தைப் பாருங்க" என்று கூடவே ஒரு வரி. பார்த்தேன், இரண்டு முறை பார்த்தேன். புதிது என்று காசு கொடுத்து வாங்கிய எலக்ட்ரிக் கெட்டிலின் அடித்தட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவு. வீடியோ போட்டவரின் கோபத்தில் ஒரு துளிகூடத் தப்பில்லை. யாரோ தண்ணீர் கொதிக்க வைத்த பாத்திரத்தைப் புதிது என்று விற்றிருக்கிறார்கள்.

என்னைத் தைத்தது கீழே வந்த கமெண்டுகள்தான். "ரிட்டர்ன்ஸ் பிரிவில் உட்கார்ந்திருப்பவன் கண்ணை மூடிக்கொண்டு ஓகே பண்ணியிருக்கிறான்." முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நாங்கள் உட்காருவதில்லை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான் வேலை. ஆறு வருடமாக, திரும்பி வரும் பொருட்களைச் சோதிக்கும் அந்த மேசையில்தான் நான் நிற்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பொருளை நாங்கள் எவ்வளவு ஆழமாகச் சோதிக்கிறோம் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது, அதைத் திருப்பி அனுப்பியவர் 'ஏன் திருப்புகிறீர்கள்?' என்ற கேள்விக்குத் தன் போனில் தொட்டுத் தேர்ந்தெடுத்த காரணம். இது தெரியாமல்தான் பாதிப் பேர் பேசுகிறீர்கள்.

திரும்பி வந்த பெட்டியின் லேபிளை ஸ்கேன் செய்ததும் என் திரையில் மூன்று விஷயங்கள் வரும். என்ன பொருள், எந்த ஆர்டர், ஏன் திருப்பினார். அந்தக் காரணத்தைப் பார்த்துத்தான் என்னென்ன சோதிக்க வேண்டும் என்ற பட்டியலை சிஸ்டம் எனக்குக் கொடுக்கும். "வேலை செய்யவில்லை" என்று தொட்டிருந்தால் பொருள் மின்சோதனை மேசைக்குப் போகும். அங்கே பிளக்கை மாட்டி, தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் தானாக அணைகிறதா என்று பார்ப்பார்கள். "மனம் மாறிவிட்டது, வேண்டாம்" என்று தொட்டிருந்தால் அது வேகமான வரிசைக்கு வரும். பெட்டி நசுங்கியிருக்கிறதா, டேப் எப்படி இருக்கிறது, உள்ளே எல்லாப் பாகங்களும் உண்டா என்று வெளித்தோற்றம் மட்டும். எங்கள் இடத்தில் அந்த வரிசையில் ஒரு பொருளுக்கு இரண்டரை நிமிடம் கணக்கு.

அதற்குள் கிரேடு போட வேண்டும். பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும். எங்களிடம் ஏ என்றால் புதிது போலவே இருக்கிறது, நேராக விற்பனைக்குத் திரும்பலாம். பி என்றால் நல்ல பொருள், ஆனால் பிரித்தது, விலை குறைத்து விற்க வேண்டும். சி பழுது பார்க்கப் போகும். டி கழிவுக்கு.

இதில் பயம் தருவது ஏ தான். நான் ஏ போட்டதும் கையிருப்பில் ஒன்று கூடி, பொருள் அலமாரிக்குப் போய்விடும். அங்கிருந்து எடுப்பவரும் பெட்டியில் போட்டு அனுப்புபவரும் பார்கோடு சரியா என்றுதான் பார்ப்பார்கள். மூடியைத் திறக்க மாட்டார்கள். என் கண்ணுக்கும் அடுத்து வாங்குபவர் கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண் கிடையாது.

இப்போது அந்தக் கெட்டிலை என் மேசையில் வைத்துப் பாருங்கள். முதலில் வாங்கியவர் நாலு நாள் பயன்படுத்தியிருக்கிறார். கடினத் தண்ணீர் என்றால் சில தடவை கொதித்தாலே அடியில் வெள்ளையாகப் படியும், சும்மா அலசினால் போகாது. துடைத்து, கவரில் போட்டு, பெட்டியை ஒட்டி, "மனம் மாறிவிட்டது" என்று தொட்டு அனுப்பியிருக்கிறார். அந்தத் திரையை நான் பார்க்கவில்லை, ஊகம்தான். ஆனால் "பயன்படுத்தினேன், பிடிக்கவில்லை" என்று உண்மையைத் தொட்டிருந்தால் அது வேகமான வரிசைக்கே வந்திருக்காது.

சரி, மேசையில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? வேண்டும்தான். முதல் அடையாளம் டேப். தொழிற்சாலை டேப் நேராக, ஒரே அகலத்தில், சுருக்கமில்லாமல் இருக்கும். ஒருமுறை பிரித்து மறுபடி ஒட்டினால், அடியில் அட்டையின் மேல்தாள் மெல்லிய நாராக உரிந்திருக்கும். விரல் நகத்தால் தடவினாலே தெரியும். இரண்டாவது, ஒயரைச் சுற்றிய கம்பி முடிச்சு. மனிதக் கை மறுபடி கட்டினால் அந்த மடிப்பு வராது. மூன்றாவது, பிளக்கின் பின்களில் கோடு. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, தொழிற்சாலைச் சோதனையிலேயே லேசாகக் கோடு விழுந்திருக்கலாம். கடைசியாக மூடியைத் திறந்து, கெட்டிலை வெளிச்சத்துக்குச் சாய்த்து அடியைப் பார்ப்பது. நேராகப் பார்த்தால் மெல்லிய படிவு கண்ணுக்குப் படாது.

ஆக, அந்த மேசையில் இருந்தவர் டேப்பைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கலாம். தவறு நடந்திருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் அது இரண்டாவது தவறு. முதல் தவறைச் செய்தவரைப் பற்றி ஒரு கமெண்டுகூட இல்லையே, ஏன்?

"அப்படியென்றால் வருகிற எல்லாவற்றையும் திறந்து பாருங்களேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, தொழிற்சாலை சீல் உடையாமல் வந்த பெட்டியை நான் திறந்தால், அந்த நிமிடமே அது பிரித்த பொருள். ஏ தரத்தில் இருந்ததை நானே பி ஆக்கிவிடுவேன். காதுக்குள் வைக்கும் இயர்போன், டிரிம்மர் மாதிரிப் பொருட்கள் எங்களிடம் சீல் உடைந்தாலே கழிவுதான், வேலை செய்தாலும் சரி. அதனால் எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்பதே ஒரு முடிவு. அந்த முடிவை நாங்கள் நீங்கள் சொன்ன காரணத்தை நம்பித்தான் எடுக்கிறோம்.

"சம்பளம் வாங்குகிறீர்கள் இல்லையா?" என்றும் ஒருவர். வாங்குகிறேன். அதற்கு மேல் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

என் கதை ஒன்றும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு டேப்லெட் திரும்பி வந்தது, காரணம் "மனம் மாறிவிட்டது". பெட்டி அப்பழுக்கில்லாமல் இருந்தது. திரையின் மேல் பாதுகாப்புத் தாள்கூட ஒரு குமிழ் இல்லாமல் ஒட்டியிருந்தது. சீரியல் நம்பர் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் ஒட்டியிருந்ததை ஸ்கேன் செய்தேன், ஒத்துப்போனது. ஏ போட்டேன். டேப்லெட்டின் முதுகில் இருந்த நம்பரை நான் படிக்கவில்லை. அது பொடி எழுத்து, கையில் எடுத்துத் திருப்ப வேண்டும், அன்று வரிசை முட்டிக்கொண்டு நின்றது.

பெட்டிக்குள் இருந்தது அதே அளவு, அதே நிறம், இரண்டு தலைமுறை பழையது.

அடுத்து அதை வாங்கியவர் ஒரு மாணவி. "பழைய டேப்லெட் வந்திருக்கிறது" என்று புகார் கொடுத்தார். பதிவேட்டில் என்ன இருந்தது? சீரியல் நம்பர் சரி, கிரேடு ஏ, புதிது போல அனுப்பப்பட்டது. ஆக, மாற்றி வைத்து ஏமாற்றுவது அந்தப் பெண்தான் என்று முதலில் முடிவு கட்டினார்கள். பணம் தர மறுத்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒருவர் பொறுமையாக முந்தைய ரிட்டர்ன் வரலாற்றைத் தோண்டியபோதுதான் உண்மை வெளியே வந்தது. முதலில் அனுப்பியவருக்கு அதற்குள் பணம் போய்ச் சேர்ந்திருந்தது. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. அது நியாயம். ஆனால் அந்த மாணவி அந்த மூன்று வாரம் திருடி என்ற பெயரோடு இருந்தார். அதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. இப்போதெல்லாம் பெட்டியின் நம்பரை நான் நம்புவதே இல்லை. பொருளின் முதுகைத்தான் முதலில் திருப்புவேன், கணக்கு நேரம் போனாலும்.

இனி "நாங்கள் பொய் சொன்னால் கம்பெனிக்குத்தானே நட்டம்" என்பவர்களுக்கு. இல்லை. அது அடுத்து வாங்குபவர் தலையில் விழுகிறது. அந்த மாணவி கம்பெனியா? கெட்டில் வீடியோ போட்டவர் கம்பெனியா?

எதிர்ப்பக்கப் பொய்யும் உண்டு. பொருளில் ஒரு குறையும் இருக்காது. திருப்பி அனுப்பும் செலவு தன் தலையில் விழக் கூடாது என்பதற்காக "வேலை செய்யவில்லை" என்று தொடுவார்கள். எனக்கு இதில் பாதிக் கோபம்தான் வருகிறது, அந்தச் செலவு எல்லோருக்கும் சின்னதில்லை. ஆனால் என்ன ஆகிறது பாருங்கள். நல்ல பொருள் பழுது மேசைக்குப் போகிறது. அங்கே ஒருவர் அரை மணி நேரம் அதை ஓட்டிப் பார்த்து "குறை தென்படவில்லை" என்று எழுதுகிறார். அதற்குள் பெட்டி பிரிந்து, கவர் கிழிந்து, புதிது என்று விற்க முடியாத நிலைக்கு வந்துவிடும். விலை உயர்ந்த பொருள் என்றால் பி ஆகத் தப்பிக்கும். மலிவான பொருள் என்றால் சோதித்த கூலியும் புது அட்டைப்பெட்டியும் சேர்ந்து அதன் விலையைத் தாண்டிவிடும். டி போடச் சொல்லித் திரையே சொல்லும். வேலை செய்யும் விளக்கை என் கையால் கழிவுத் தொட்டியில் போட்டிருக்கிறேன். ஒருமுறை இல்லை, பலமுறை.

"இதெல்லாம் கம்பெனிகளின் பேராசை, சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும்" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பிரான்ஸில் 2020-ல் சட்டம் போட்டு, விற்காத பொருட்களை அழிப்பதைத் தடுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த விதி, 2026 ஜூலை முதல் பெரிய நிறுவனங்கள் விற்காத துணிகளையும் காலணிகளையும் அழிக்கக் கூடாது என்கிறது. வாங்கியவர் தன் திருப்பும் உரிமைப்படி அனுப்பியவையும் அதற்குள் அடக்கம். நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டம் வந்தாலும், வேர்வை நாற்றத்தோடு வந்த சட்டைக்கு "அளவு பொருந்தவில்லை" என்று காரணம் வந்தால், முதலில் அதை மோந்து பார்க்க வேண்டியது மேசையில் நிற்கும் ஆள்தான்.

போன மாதம் ஒரு கெட்டில் வந்தது. காரணம் "வேலை செய்யவில்லை". உள்ளே நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்று, கையெழுத்தில்: "இரண்டு முறை பயன்படுத்தினேன். கொதித்த பிறகும் அணையவில்லை. மூடியை நன்றாக அழுத்தினால் அணைகிறது." நான் எதையும் தேடவே இல்லை. மூடியின் ரப்பர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. கொதிக்கும் ஆவி கைப்பிடிக்குள் இருக்கும் சுவிட்சுக்குப் போய்ச் சேர வேண்டும், அது சூடானால்தான் கெட்டில் அணையும். இங்கே ஆவி மூடியின் இடுக்கு வழியாகவே வெளியேறிக்கொண்டிருந்தது. சி போட்டு, அந்தத் தாளையும் கூடவே ஒட்டிப் பழுதுக்கு அனுப்பினேன். ரப்பரை மாற்றி, சுத்தம் செய்து, பிரித்த பொருள் என்று சொல்லியே விற்றார்கள்.

அதை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. மேசையில் நிற்கும் என்னை நம்பி உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். வீடியோவை எனக்கு அனுப்பியவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: கடைசியாக நீங்கள் திருப்பி அனுப்பிய பொருளுக்கு என்ன காரணம் தொட்டீர்கள்?