பெரிய மாமாவின் இடத்தில் இரண்டு பேர்

எங்கட ஊர்த் தங்கச்சி ஒராள் எழுதின சிறுகதை ஒன்று வாசிக்கக் கிடைத்தது. இன்னும் எங்கேயும் வெளிவரவில்லை. "அண்ணா, நீங்கள் ஸ்டூடியோக்காரர், தொழில் பிழை இருந்தால் சொல்லுங்கோ" என்று அனுப்பியிருந்தா. பிழை பார்க்கத்தான் வாசித்தேன். ஆனால் கதையைப் பற்றியே நீளமாகச் சொல்ல வேண்டி வந்திட்டுது. அவவிடம் கேட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை இதுதான். திருகோணமலை உப்புவெளியில் கடலைப் பார்த்த ஒரு வீடு. 1979 தைப்பொங்கலன்று முற்றத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம் ஒன்று. முன்னால் மூன்று கதிரை, நடுக் கதிரையில் அம்மம்மா. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். அம்மம்மாவின் கதிரைக்கு நேர் பின்னால் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி. அந்தப் படத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இரண்டு பேர்: மகளின் மகன் உப்புவெளியிலேயே இருக்கிற மச்சான், மகனின் மகள் ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த மச்சாள். ஒருவருக்கொருவர் சொல்லாமலே இருவரும் தங்களை அந்தப் படத்துக்குள் சேர்த்துப் பெரிதாக அடித்துச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அம்மம்மாவின் ஆட்டைத் திவசத்தில் இரண்டு படமும் ஒரே மேசையில் சந்திக்கின்றன. இரண்டு பேரும் ஒரே இடத்தில், அம்மம்மாவின் தலைக்கு மேலே நிற்கிறார்கள்.

வாசித்த சிலர் இதை அன்பின் பொருத்தம் என்று எடுத்துக்கொண்டார்களாம். இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் அம்மம்மாவின் பக்கத்தில்தான் நிற்க மனம் வந்தது என்று. எழுதினவவும் அந்த எண்ணத்தை நமக்குள் வளரவிட்டுப் பார்க்கிறா. என்னால் அப்படி வாசிக்க முடியவில்லை. பழைய படத்துக்குள் ஆளைச் சேர்க்கிற வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அந்தப் படத்தில் நிற்கக்கூடிய இடமே அது ஒன்றுதான்.

ஏன் என்று சொல்கிறேன். ஓர் ஆளை முழுதாக நிறுத்துவதென்றால் முதலில் காலில் பிடிபடும். பாதம் மண்ணைத் தொடுகிற இடத்தில் ஒரு மெல்லிய கரிய கோடு வரும். அது இல்லாவிட்டால் ஆள் மிதப்பார். வரைந்து வைத்தாலும் பக்கத்தில் நிற்கிறவரின் பாதத்தோடு ஒத்துப்போகச் செய்வது லேசில்லை. கதிரைக்குப் பின்னால் நின்றால் அந்தக் கரைச்சலே இல்லை. இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் கதிரையும் அம்மம்மாவும் மறைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது நிழல். வீடு கிழக்கைப் பார்த்தது. காலை எட்டு மணி போல, கமராக்காரர் கடலுக்கு முதுகு காட்டி மேற்கே பார்த்து நிற்கிறார். தை மாதத்தில் சூரியன் நேர் கிழக்கில் இல்லை, தெற்குப் பக்கம் சரிந்து நிற்கும். ஆகவே வெளிச்சம் கமராக்காரரின் பின்னால், இடது தோள் பக்கமிருந்து வருகிறது. நிற்கிறவர்களுக்குப் பின்னால் மூன்றடி தள்ளிச் சுவர் என்று கதையில் வருகிறது. அப்படியென்றால் ஒவ்வொருவரின் நிழலும் சுவரில் ஒன்றரை அடி போல வலப்பக்கம் விலகி விழும். இடைவெளியில் ஒருவரை நிறுத்தினால் அவருடைய நிழல் பக்கத்தில் நிற்கிற சின்ன மாமாவின் உடம்புக்குப் பின்னால் போய் ஒளிந்துவிடும். இல்லாத நிழலை யாரும் தேட மாட்டார்கள். அந்த இடைவெளி எல்லாப் பிழைகளையும் மன்னிக்கிற இடம்.

மச்சாள் அதையும் பயன்படுத்தத் தெரியாதவ. திவசத்துக்கு வந்தவர்களில் ஒரு சின்னப் பெடியன்தான் முதலில் பிடிக்கிறான்: "எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிக்கினம், இந்த அன்ரி மட்டும் முழிச்சுப் பாக்கிறா." இது கதையின் மிக நல்ல வரி. வெயிலைப் பார்த்து நிற்கிற கூட்டத்துக்குள் வீட்டுக்குள் எடுத்த செல்ஃபியை வைத்தால் அப்படித்தான் இருக்கும். அதோடு செல்ஃபி என்பது கைநீளத்துக்குள் எடுக்கிற படம். மூக்கு முன்னுக்கு வரும், காது பின்னுக்குப் போகும். பதினான்கு அடி தள்ளி எடுத்த கூட்டப் படத்தில் எல்லார் முகமும் தட்டையாக இருக்கும். இதைப் பிறகு எந்தக் கருவியாலும் முழுதாகச் சரிசெய்ய ஏலாது. போய் நின்று திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

மச்சான் அதைச் செய்கிறான். அதே முற்றத்தில், அதே காலை வெயிலில், சிநேகிதன் ஒருவனைத் தள்ளி நிறுத்தி எடுப்பிக்கிறான். அவனிடம் இன்னொரு வசதியும் இருந்தது. அசல் படம் அவன் வீட்டில். 2004 டிசம்பர் 26 கடல் உள்ளே வந்தபோது நனைந்து, காய்ந்தபோது சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படம். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். நனைந்து கண்ணாடியில் ஒட்டினால் உரிக்கப்போனவர் முகத்தையும் சேர்த்துத்தான் உரிப்பார். கண்ணாடியோடே ஸ்கேன் பண்ண வேண்டும். இப்போது வருகிற மெல்லிய ஸ்கேனர்கள் மேல்தளத்தோடு ஒட்டியிருப்பதை மட்டுமே தெளிவாகப் பார்க்கும், கண்ணாடித் தடிப்பு இடையில் வந்தால் மங்கிவிடும். பழைய தடித்த வகையில் ஓரளவு ஆழம் தெளியும். கதையில் ஸ்டூடியோக்காரர் மூலைக்குள் கிடந்த பழைய ஸ்கேனரைத் தூசு தட்டி எடுப்பதாக வருகிறது. காரணம் சொல்லாமல் விட்டிருக்கிறா, ஆனால் சரி.

மச்சானின் பிழை கறுப்பில். நாற்பது வருடம் பழசான படத்தில் கரிய கறுப்பு என்று ஒன்று இராது. தலைமயிரும் வேட்டிக்கரையும் எல்லாம் மண்ணிறச் சாம்பலுக்கு இறங்கியிருக்கும். அவன் தன் தலைமயிரை மட்டும் இன்றைய கறுப்பில் விட்டுவிட்டான். தபாலட்டை அளவுப் படத்தில் ஒரு முகம் ஒரு சென்ரிமீற்றரும் வராது. அதை அங்குலத்துக்கு அறுநூறு புள்ளியில் ஸ்கேன் பண்ணினால் இருநூறு புள்ளி உயரம். கைபேசிப் படத்தில் அதே முகம் ஆயிரத்தைத் தாண்டும். ஆகவே சுருக்கி, கூர்மையைக் கொஞ்சம் மழுக்கி, அதன் பிறகுதான் பழைய படத்தின் பொரிப்பொரித் தன்மையைத் தூவ வேண்டும். தூவிவிட்டுச் சுருக்கினால் பொரி கரைந்து முகம் மெழுகாகும். நான் எங்கள் பெடியளுக்குச் சொல்கிற வழி ஒன்று: வேலை முடிந்ததும் மேலே ஒரு படலம் போட்டு வெளிச்ச வேறுபாட்டைக் கண்டபடி கூட்டிப் பாருங்கோ. ஒட்டவைத்த ஆள் தனியே துருத்திக்கொண்டு நிற்பார். பார்த்துத் திருத்தின பிறகு அந்தப் படலத்தைக் கழற்றுங்கோ.

இவ்வளவும் கதைக்கு அலங்காரம் என்று நினைத்துவிடாதேயுங்கோ. கதை எங்கே திரும்புகிறது என்றால் ஒரே ஒரு வசனத்தில். அந்த இடைவெளி ஏன் இருந்தது? பெரிய மாமா அங்கே நின்றவர். எல்லாரையும் ஒழுங்காக நிறுத்தி, தான் நிற்கிற இடத்தையும் பார்த்துவிட்டு, கமராவைப் பிடிக்க வேறு ஆள் இல்லாததால் வெளியே வந்து தானே எடுத்தவர். வீட்டில் எல்லாப் படமும் அவர் எடுத்தது, ஆகவே அவர் எந்தப் படத்திலும் இல்லை. 1990க்குப் பிறகு அவரைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை என்று மட்டும் கதை சொல்கிறது. திருகோணமலையில் வளர்ந்தவருக்கு அதற்கு மேல் எழுதத் தேவையுமில்லை.

ஆனால் அவர் படத்தில் இருந்தவர். வலது கீழ் மூலையில், மண்ணில், தலையும் உயர்த்திய முழங்கையுமாக ஒரு நிழல். முதுகுக்குப் பின்னால் காலை வெயில் தாழ நிற்கும்போது எடுக்கிறவரின் நிழல் நீளமாகப் போய்ச் சட்டத்துக்குள் விழும். வெளிச்சம் இடப்பக்கமென்றால் வலது மூலையில்தான் விழும்.

மச்சாள் பத்துக்கு எட்டங்குலச் சட்டம் வாங்கினவ. தபாலட்டைப் படம் ஐந்தரைக்கு மூன்றரை. அந்த நீட்டுப் படத்தை இந்தச் சட்டத்துக்குள் அடக்கினால் அகலத்தில் ஓரங்குலத்துக்கு மேல் வெட்ட வேண்டும். இடது ஓரத்தில் ஆள் நின்றதால் வலது ஓரத்தை வெட்டினா. மச்சானோ அந்த மூலையைக் கடல்தண்ணிக் கறை என்று நினைத்து, பக்கத்து மண்ணை எடுத்துப் பூசி அழித்துவிட்டான். அவனுக்கு அது கவனமான வேலை. இரண்டு பேரும் அவருடைய இடத்தில் நின்றார்கள், நிற்பதற்கு முன்னமோ பின்னமோ அவரைத் துடைத்தும் விட்டார்கள். ஒருவருக்கும் தெரியாது. எழுதினவ இதை விளக்காமல் இரண்டு வேறு பக்கங்களில் தூக்கிப்போட்டிருக்கிறா. சேர்த்துப் பார்ப்பது நம்முடைய வேலை.

திவசக் காட்சியில் ஓரிடத்தை நம்ப முடியவில்லை என்று இன்னொரு வாசகர் சொன்னாராம். அம்மம்மாவின் தங்கச்சியார், படத்தில் இடதுபக்கக் கதிரையில் இருக்கிறவ, மச்சானின் படத்தைப் பார்த்து "ஓம், தம்பி அண்டைக்குப் பொங்கல் வேண்டாமெண்டு அழுதவன்" என்கிறா. அவன் பிறந்தது 1986இல். எனக்கு அது முழுக்க நம்பும்படி இருந்தது. 2002இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வில், சின்ன வயதில் குடும்பத்தோடு வெப்பக்காற்று பலூனில் போனது போல ஒட்டுப்போட்ட படத்தை இருபது பேருக்குக் காட்டி, இடைவெளி விட்டு மூன்று தரம் கேட்டிருக்கிறார்கள். பாதிப் பேர், ஒருபோதும் ஏறாத பலூனைப் பற்றி ஏதாவது ஞாபகம் சொன்னார்கள். அது இளம் ஆட்களிடம். எண்பதைத் தாண்டின மனிசி, பேரன் சட்டத்துக்குள் நிற்பதைப் பார்த்து ஒரு வரி சொன்னதில் என்ன அதிசயம்? பெரிய மாமாவின் பெயரை அவ சொல்லவில்லை என்பதைத்தான் நான் கவனித்தேன்.

இனி என் முறைப்பாடு. கடைசிப் பந்தியில் மச்சானும் மச்சாளும் சிரித்து, இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற மூன்றாவது படம் ஒன்று செய்யலாம் என்று முடிவெடுக்கிறார்கள். ஓர் ஆளுக்கான இடைவெளியில் இரண்டு பேரை நிறுத்த ஏலாது. நிறுத்துவதென்றால் சின்ன மாமாவைத் தள்ள வேண்டும், அவர் பின்னால் மறைத்திருந்த சுவரைப் புதிதாகக் கட்ட வேண்டும், அவர் நிழலையும் இடம் மாற்ற வேண்டும். பிறகு அந்த வீட்டில் யாருமே தாங்கள் நின்ற இடத்தில் நிற்க மாட்டார்கள். கதையைத் தங்கச்சியார் கதைக்கிற இடத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்பது என் எண்ணம். சமரசம் வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்த பந்தி போல இருக்கிறது அது.

தொழில் பிழையும் ஒன்று இருந்தது. முதல் எழுத்தில் படம் பொங்கலன்று பின்னேரம் எடுத்ததாக இருந்தது. பின்னேரம் சூரியன் வீட்டுக்குப் பின்னால் போய்விடும், முற்றம் முழுக்க வீட்டின் நிழல். யாரும் கண் சுருக்க மாட்டார்கள், பெரிய மாமாவின் நிழலும் விழாது. சொன்னதும் காலை எட்டு மணியாக மாற்றிவிட்டா. கடைசிப் பந்தி மட்டும் அப்படியே இருக்குமாம். "நீங்கள் படம் திருத்திற ஆள் அண்ணா, அதுகள் என்ன செய்யுங்கள் எண்டு எனக்குத் தெரியும்" என்று எழுதியிருந்தா.