சித்தி கொடுத்தனுப்பிய நல்லெண்ணெய்

எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டால் அந்த வீட்டு அடுப்பில் அப்புறம் எண்ணெய் ஏறாது. சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்த அன்றைக்கே சித்தி நல்லெண்ணெய்த் தூக்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கொழுப்பு இறங்கியிருந்தது. அது மாத்திரையின் வேலை. ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு மட்டும் 170இலிருந்து 260க்குப் போயிருந்தது. பிரஷரும் கூடுதல். “ஒரு சொட்டு எண்ணெய் காட்டலையே!” என்று சித்தி அழாத குறை.

உணவு ஆலோசகர் அம்மா கேட்டது ஒன்றுதான்: “எண்ணெய்க்குப் பதிலா என்ன சாப்பிட்டாங்க?”

அங்கேதான் மாட்டினோம். மிளகாய்ப்பொடிக்கு எண்ணெய் இல்லையென்று இட்லிக்குச் சீனி. பொரியல் சப்பென்று இருந்ததால் இன்னொரு கரண்டி சோறு. நாலு மணி டீக்கு நாலு ரஸ்க். இப்படிக் கூடுதலாகப் போகும் மாவையும் சர்க்கரையையும் ஈரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. அதுதான் அந்த 260. போதாததற்கு ரஸ்க்கிலும் பிஸ்கட்டிலும் பெரும்பாலும் பாமாயில், வனஸ்பதி. வாசல் வழியாக அனுப்பிய எண்ணெய் பேக்கரிப் பொட்டலத்தில் திரும்பி வந்திருக்கிறது!

அவர் எழுதிக் கொடுத்த கணக்கு, ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாளைக்குச் சின்ன ஸ்பூனில் மூன்று வரும். நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ இருக்கலாம், ஒரு தடவை காய்ச்சியதை மறுபடி சட்டியில் ஊற்றக் கூடாது. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு, கெட்ட கொழுப்பை ஏற்றும் நிறைகொழுப்பு என்பதால் அது தினப்படிக்கு வேண்டாம் என்றார். செக்கில் ஆட்டினாலும் அந்தக் கணக்கு மாறாதாம். சித்தப்பா மெதுவாக, “தேங்காய்ப்பால் சொதி?” என்றார். எப்போதாவது, தலைப்பாலைக் குறைத்து, பாசிப்பருப்பையும் காயையும் கூட்டி வைக்கச் சொன்னார்.

பிரஷருக்குக் காரணம் தட்டிலேயே இருந்தது. சித்தி தினமும் அப்பளத்தைத் தணலில் சுட்டு, “பொரிக்கலையே” என்று பெருமையாக வைப்பார். சுட்டால் எண்ணெய்தானே போகும்? உப்பும் சோடாவும் அப்படியே இருக்கும். கூடவே மோர்மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்புதான் என்றார் ஆலோசகர். சித்தி காலையில் அதைக் கிண்ணத்தில் அளந்து வைத்துப் பார்த்தார். மத்தியானக் குழம்போடு கிண்ணம் காலி. கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பையும் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது, சில பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்து.

நார்ச்சத்துக்குப் புதிதாக எதுவும் வாங்கவில்லை. சோற்றில் ஒரு கரண்டி குறைந்து, அந்த இடத்தில் அவித்த தட்டாம்பயறும் கொத்தவரங்காயும் வந்தன. இவற்றிலுள்ள கரையும் நார் குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். புதுப் பித்தம் செய்ய ஈரல் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும்.

போன ஞாயிறு போயிருந்தேன். சித்தப்பா மிளகாய்ப்பொடியில் குழி பறித்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து சித்தி குரல்: “ரெண்டு ஆச்சு. ராத்திரி தோசைக்கு ஒண்ணுதான் பாக்கி, பாத்துக்கிடுங்க!”