இது வாழ்த்தா, வாக்குமூலமா என்று கேட்டவர்களுக்கு

நம் ஊர்ப் பயிற்சி மையம் ஒன்று குரூப் 4 முடிவுக்காக வெளியிட்ட வாழ்த்துப் பதிவைப் பற்றி நான் எதுவும் எழுதுவதாக இல்லை. பாம்பன் தொடங்கித் தொண்டி வரை எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் அது சுற்றியது, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதன் கீழே "இது வாழ்த்தா, வாக்குமூலமா?" என்று ஒருவர் கேட்டதும், அதற்கு இவ்வளவு பேர் சிரித்ததும், "ரேங்க் எதுவும் வரவில்லை போலிருக்கிறது, அதனால்தான் நேர்மை" என்று இன்னொருவர் எழுதியதும் என்னைப் பேச வைத்துவிட்டன. சிரித்தவர்களில் என்னுடன் படித்தவர்களும் இருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வலித்தது.

பார்க்காதவர்களுக்காக அந்த வாசகத்தை அப்படியே தருகிறேன்: "குரூப் 4 தேர்வை எங்கள் மையத்திலிருந்து 64 பேர் எழுதினார்கள். 9 பேர் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டிருக்கிறார்கள். இவர்களில் 4 பேர் எங்களிடம் ஓராண்டு கட்டண வகுப்பில் படித்தவர்கள். 5 பேர் வீட்டிலிருந்தே படித்து, கடைசி மூன்று மாத மாதிரித் தேர்வுகளை மட்டும் எங்களிடம் எழுதியவர்கள். பணி ஒதுக்கீடு கலந்தாய்வுக்குப் பிறகே உறுதியாகும். படம் வெளியிட 7 பேர் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் தந்தார்கள். விரும்பாத இருவரின் படம் இங்கே இல்லை. படித்தது அவர்கள், உழைத்தது அவர்கள். வாழ்த்துகள்."

இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

இந்தத் தேர்வை எழுதியவர்களுக்கு ஒன்று தெரியும். தேர்வாணையம் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பது காலிப் பணியிடங்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலான பேரை. சான்றிதழில் குறை இருந்தால் அங்கேயே நின்றுவிட நேரும். அதைக் கடந்து கலந்தாய்வுக்குப் போனாலும், நம் முறை வருவதற்குள் நம் பிரிவுக்கான இடங்கள் தீர்ந்துபோவது உண்டு. அழைப்பு வந்தவர் எல்லோரையும் "அரசுப் பணியில் அமர்ந்தவர்கள்" என்று பேனரில் ஏற்றும் வழக்கம் நம் மாவட்டத்தில் பழகிப்போய்விட்டதால், "அழைக்கப்பட்டிருக்கிறார்கள்" என்று உள்ளதை உள்ளபடி எழுதுவது நமக்கு ஏதோ குறைபாடாகத் தெரிகிறது. பேனரில் பணி கிடைத்துக் கலந்தாய்வில் கிடைக்காமல் போன பிள்ளை, அந்தப் பேனர் கிழியும் வரை எந்த வழியாக வீட்டுக்குப் போவது என்று சிரித்தவர்கள் யோசித்துப் பார்த்ததுண்டா?

இனி நீங்கள் தேடிய ரேங்க் விஷயத்துக்கு வருகிறேன். தேர்வு முடிவில் ஒருவருக்கு ஒரே ஒரு தரவரிசை எண் வருவதில்லை. மாநில அளவில் எழுதிய எல்லோரையும் சேர்த்து ஒரு பொதுத் தரவரிசை இருக்கிறது, அவர் சார்ந்த வகுப்புக்குள் மட்டும் தனியாக ஒரு தரவரிசை இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஒருவருக்குப் பொதுத் தரவரிசை ஏழாயிரத்துச் சொச்சம் என்றும் வகுப்புவாரித் தரவரிசை 112 என்றும் வைத்துக்கொள்வோம். பேனரில் எது ஏறும் என்று உங்களுக்கே தெரியும். "ரேங்க் 112" என்று ஆளுயரத்தில் எழுதுவார்கள். எந்தப் பட்டியலில் 112 என்பதை எங்கேயும் எழுத மாட்டார்கள். அந்த எண் பொய்யும் இல்லை, அதனால் யாரும் வழக்குப் போடவும் முடியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதைவிடத் துணிச்சலானது "மாவட்ட முதலிடம்". குரூப் 4 மாநிலம் முழுமைக்குமான தேர்வு. அதற்கு மாவட்டவாரியாகத் தேர்வாணையம் தரவரிசை வெளியிடுவதே இல்லை. தங்களுக்குத் தெரிந்த நாலு பேரின் மதிப்பெண்ணை விசாரித்துவிட்டு, அவர்களில் அதிகம் வாங்கியவரை மாவட்டத்தின் முதல்வர் ஆக்கிவிடுகிறார்கள். ஒரே ஆண்டில் ராமநாதபுரத்தில் மாவட்ட முதலிடங்கள் மட்டும் எத்தனை பேர் என்று பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் எண்ணிவிடலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். என் தங்கை அப்படி ஒரு மாவட்ட இரண்டாமிடம்.

அவள் எந்தப் பயிற்சி மையத்திலும் சேர்ந்து படித்தவள் இல்லை. அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர்; ஓராண்டுக் கட்டணம் என்பது எங்கள் வீட்டில் பேசக்கூட முடியாத தொகை. பள்ளிப் பாடப் புத்தகங்களை ஆறாம் வகுப்பிலிருந்து வரிசையாக வாங்கி வைத்துக்கொண்டு, பகலில் கிளை நூலகத்திலும், இரவில் அம்மா கருவாட்டுக் கூடையைக் கட்டி முடித்த பிறகு அதே விளக்கின் கீழேயும் படித்தாள். வாய்ப்புக் கிடைத்தபோது மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இலவச வகுப்புக்கும் போனாள். முதல் முறை வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. மூன்றாவது முறைக்கு முன்னால், நகரத்திலுள்ள ஒரு மையம் இலவச மாதிரித் தேர்வு நடத்துகிறது என்று கேள்விப்பட்டுப் போய், ஒரு நாள் ஒரே ஒரு தேர்வு எழுதிவிட்டு வந்தாள். விண்ணப்பத்தில் ஒட்டச் சொன்னார்கள் என்று ஒரு புகைப்படத்தைக் கொடுத்தாள். முடிவு வந்த வாரம் அந்தப் புகைப்படம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆள் உயரத்தில் நின்றது. "எங்கள் மாணவி. எங்கள் பயிற்சி. மாவட்ட இரண்டாமிடம்."

அப்பாவுக்கு அதில் பெருமைதான், அதை நான் மறைக்கவில்லை. படகுத் துறையில் உடன் வேலை செய்கிறவர்களை எல்லாம் அழைத்துப் போய்க் காட்டினார். தங்கை மட்டும் அந்தப் பக்கம் போகவே மறுத்தாள். "இத்தனை வருசம் நான் படிச்சதை அவங்க ஒரே நாள்ல படிக்க வச்சிட்டாங்களாம்" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். நான் நேரில் போய்க் கேட்டபோது, "உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இலவசமாக விளம்பரம் செய்திருக்கிறோம், நன்றி சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்" என்றார் அங்கிருந்தவர். அன்று எனக்குச் சட்டம் எதுவும் தெரியாது, திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது தெரியும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கென்றே நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. தேர்ச்சி பெற்றவரின் பெயரையோ படத்தையோ பயன்படுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். அதுவும் அவர் தேர்ச்சி பெற்ற பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். சேரும்போதே விண்ணப்பத்தின் கடைசியில் பொடி எழுத்தில் வாங்கிக்கொள்வது செல்லாது. படத்தைப் போட்டால் அவர் பெற்ற தரவரிசை என்ன, எந்த வகுப்பில் படித்தார், எத்தனை காலம் படித்தார், அது கட்டண வகுப்பா இல்லையா என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். இது ஏன் வந்தது என்பதும் தெரிந்த கதைதான். குடிமைப் பணித் தேர்வில் முதல்நிலை, முதன்மை இரண்டையும் தாமாகவே கடந்தவர்கள் கடைசியில் இலவச நேர்முகப் பயிற்சிக்கு மட்டும் வந்திருக்க, அவர்களை முழுநேர மாணவர்கள் போலக் காட்டி விளம்பரம் செய்த பெரிய நிறுவனங்களுக்கு அந்த ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது. டெல்லியில் நேர்முகப் பயிற்சி, இங்கே மாதிரித் தேர்வு. வித்தியாசம் அவ்வளவுதான்.

"அந்த விதியெல்லாம் ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்குத்தான், நம் ஊர்ச் சிறு மையங்களுக்கு இல்லை" என்று சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். சரியாகத்தான் சொல்கிறார். 64 பேர் தேர்வு எழுதிய மையம் எந்தப் பக்கம் வரும் என்பதை அவரே கணக்கிட்டுக்கொள்ளட்டும். அப்படியே ஐம்பதுக்குக் கீழ் என்றாலும், நாற்பத்தொன்பது பேர் படிக்கும் இடத்தில் பிறர் உழைப்பைத் தன் உழைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று எந்த விதியும் அனுமதி கொடுக்கவில்லை.

"ஆசிரியர்களுக்கு உழைப்பே இல்லையா?" என்பது இன்னொரு கேள்வி. இருக்கிறது. அதை அந்த வாசகம் மறைக்கவில்லையே? 4 பேர் எங்களிடம் ஓராண்டு படித்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்களே? அதைவிடத் தெளிவாக ஓர் ஆசிரியர் தன் பங்கை எப்படிச் சொல்வது? மற்ற ஐவரையும் சேர்த்து ஒன்பது பேரும் எங்கள் வார்ப்பு என்று சொன்னால்தான் அவர் நல்ல ஆசிரியரா?

"பிள்ளைகளுக்கே தங்கள் முகம் பேனரில் வர வேண்டும் என்று ஆசை இருக்காதா?" என்ற கேள்வியை மட்டும் நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். என் அப்பாவின் முகத்தை நான் பார்த்தவன். கரையோரத்துக் குடும்பத்தில் முதன்முதலாக ஒரு பெண் அரசு வேலைக்குப் போவது சாதாரணச் செய்தி இல்லை. அது ஊருக்குத் தெரிய வேண்டும் என்று நினைப்பதில் தவறும் இல்லை. ஆசைப்பட்ட 7 பேரின் படத்தை அந்த மையம் போட்டுத்தானே இருக்கிறது? விரும்பாத இருவரைக் கேட்டு விட்டுவிட்டதுதான் உங்களுக்கு உறுத்துகிறதா? என் தங்கையிடம் அன்று ஒருவராவது கேட்டிருந்தால், அவள் ஒருவேளை சரி என்றே சொல்லியிருப்பாள்.

2017 முதல் நம் மாநில அரசே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நல்லது என்று அன்று கைதட்டியவர்கள்தான், இன்று ஒரு மையம் தானாக அதைச் செய்யும்போது "கெத்து இல்லை" என்கிறார்கள்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது அந்த 64 என்ற எண்ணைக் கேலி செய்தது. "64இல் 9தான் என்று தாங்களே சொல்லிக்கொள்கிறார்களே, பைத்தியமா?" என்று கேட்டிருந்தீர்கள். கையில் ஒரு சீலாவைத் தூக்கிக் காட்டிப் படகு நிறையச் சீலா என்றால் நம் ஏலக் கூடத்தில் யாராவது நம்புவார்களா? அங்கே கூடையைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் விலை கேட்கிறோம். பிள்ளையின் படிப்பு என்றால் மட்டும் பேனரில் இருக்கும் ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு நகையை அடகு வைக்கிறோம். ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகு கரையில் கிடக்கும் அந்த நாள்களில்தான் நம் பக்கத்தில் புதிய வகுப்புகளுக்கான சேர்க்கை விளம்பரங்கள் கண்ணில் நிறைய படுகின்றன. வீட்டில் வருமானம் நின்றிருக்கும் நேரத்தில், "100 சதவீத வெற்றி" என்ற வரியை நம்பி வட்டிக்கு வாங்கிக் கட்டுகிற அப்பாக்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எத்தனை பேர் எழுதி எத்தனை பேருக்கு அழைப்பு வந்தது என்று அவர்களிடம் உண்மையாகச் சொன்ன ஒரே மையத்தைத்தான் நீங்கள் சிரித்து வாயடைக்கப் பார்க்கிறீர்கள். அடுத்த ஆண்டு அவர்களும் பயந்துபோய் "மாவட்ட முதலிடம்" என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்குமா?

"ரேங்க் வரவில்லை, அதனால்தான் நேர்மை" என்று எழுதிய நண்பருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அதே கருத்தின் கீழே உங்களுக்குப் பிடித்த மையத்தின் பேனரையும் பெருமையாகப் போட்டிருந்தீர்கள். அதில் மூன்று மாவட்ட முதலிடங்கள் இருக்கின்றன. அந்த மாவட்டத் தரவரிசைப் பட்டியலைத் தேர்வாணையம் எந்தப் பக்கத்தில் வெளியிட்டது என்று இணைப்பைக் கொடுங்கள். அந்த மையத்திலிருந்து மொத்தம் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள். பதில் வரும் வரை கருத்துப் பெட்டியைத் திறந்தே வைத்திருக்கிறேன்.