விடுதிக்குப் போகும் மகனுக்கு எழுதும் செய்தியில் காய்ச்சலைப் பற்றியும் எழுதுங்கள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழாசிரியையாக இருக்கிறேன். பிள்ளையை வெளிமாநில விடுதிக்கு அனுப்பும் தாய்மார்கள், அவனுக்கு வாட்சப்பில் அனுப்ப எழுதிய செய்தியை என்னிடம் காட்டிப் பிழை பார்த்துத் தரச் சொல்வதுண்டு. நேரத்துக்குச் சாப்பிடு, கெட்ட சகவாசம் வேண்டாம், அப்பா உனக்காகக் கடன் வாங்கியிருக்கிறார் என்பதை மறக்காதே, நம் குடும்பத்தின் பெயரைக் காப்பாற்று என்பவை பெரும்பாலும் எல்லாச் செய்திகளிலும் இருக்கும். முதல் இரண்டைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. கடனையும் குடும்பப் பெயரையும் நினைவூட்டும் வரிகளை நீக்கிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கும் பிள்ளையை வீட்டுக்குத் தொலைபேசியில் பேச விடாமல் தடுப்பவை அந்த வரிகள்தாம்.

உறவினர் ஒருவரின் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வடக்கே ஒரு நகரத்து விடுதியில் இருந்தவனுக்குக் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டதும் வியர்த்துக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. மறுநாள் மீண்டும் ஏறியிருக்கிறது. இப்படியே நாட்களைக் கடத்தியவன், அம்மாவிடம் தினமும் இரவு சாதாரணக் குரலில், சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் அறைத்தோழன்தான் வீட்டுக்குக் கூப்பிட்டான். அதற்குள் கண்கள் மஞ்சளாகி, மலேரியா என்று மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். பிழைத்து வந்த பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அப்பாவுக்கு இன்னும் செலவு வைக்க வேண்டாம்னு நெனச்சேன்" என்றான். அந்தக் குழந்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் தாயின் செய்தியில் இருந்த வரிக்குக் கீழ்ப்படிந்திருக்கிறான்.

இந்த ஆண்டு என் மகன் ஒடிசாவின் ரூர்கேலாவுக்குப் பொறியியல் படிக்கப் போகிறான். ஆலப்புழையிலிருந்து வரும் தன்பாத் விரைவு ரயிலில் பாலக்காட்டில் ஏறினால், இடையில் மாறாமல் போய்ச் சேரலாம். ஆனால் வழியில் இரண்டு இரவுகள் கழிய வேண்டும். அவன் படுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டு நான் கிளம்பினாலும், உடனே போய்ச் சேர முடியாத தூரம் அது. ஆகவே, அவனுக்கு நான் எழுதிய செய்தியின் பெரும்பகுதியைக் காய்ச்சலுக்கே ஒதுக்கினேன். அந்தப் பகுதியை அப்படியே தருகிறேன்.

"கண்ணு, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே எனக்குச் சொல். வகுப்போ தேர்வோ எதுவானாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குளிரோடு வந்தாலும் குளிரில்லாமல் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய், மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல். இல்லை என்று முடிவு வந்தும் காய்ச்சல் விடவில்லை என்றால், மறுநாளும் பார்க்கச் சொல். பாராசிட்டமால் தவிர வேறு எந்த வலி மாத்திரையையும் நீயாக வாங்கிப் போடாதே. கொடுத்த மருந்தை, உடம்பு சரியானாலும் கடைசி நாள் வரை சாப்பிடு. செலவைப் பற்றி நினைக்காதே. அது நானும் அப்பாவும் பார்த்துக்கொள்ள வேண்டியது. சொன்னால் திட்டுவேனோ என்றும் நினைக்காதே, திட்ட மாட்டேன்."

இதைப் படித்த தோழி ஒருவர், புறப்படும் பிள்ளைக்கு நோயைப் பற்றி எழுதுவது அபசகுனம் இல்லையா என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன். ஒடிசா நீண்ட காலமாக மலேரியா மிகுந்த மாநிலம். அங்கே பெரிதும் காணப்படுவது ஃபால்சிபாரம் என்னும் கடுமையான வகை. மருந்து கொடுக்காவிட்டால் காய்ச்சல் தொடங்கிய ஓரிரு நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் அளவுக்கு அது முற்றிவிடக்கூடும். கேரளத்தில் இன்று காணப்படும் மலேரியாவில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதுதான். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளையின் உடம்புக்கு அந்த நோயோடு பழக்கமே இல்லை என்பதால், உள்ளூர்ப் பையன் தாங்கிக்கொள்வதை இவன் தாங்க மாட்டான். பாராசிட்டமால் சூட்டைக் குறைக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது. மாத்திரை போட்டதும் இறங்கி மறுபடியும் ஏறும் காய்ச்சல், பிள்ளையையும் தாயையும் ஒருசேர ஏமாற்றிவிடும். பரிசோதனையோ எளிது: விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பட்டையில் இட்டால், அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணம் இல்லை.

வலி மாத்திரையைப் பற்றிய வரி டெங்குவுக்காக எழுதியது. வந்திருப்பது டெங்குவாக இருந்து, ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ போட்டால் ரத்தக் கசிவு கூடும். டெங்குவில் இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ச்சல் விட்ட நாளில்தான் நிலைமை மோசமாகக்கூடும் என்பதால், சூடு தணிந்த பிறகு வயிற்றுவலியோ, விடாத வாந்தியோ, ஈறில் ரத்தமோ கண்டால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதையும் எழுதிவிட்டேன்.

எல்லைப்புறத்துத் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ படித்தவர்கள். நீண்ட தமிழ்ச் செய்தியை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். அதனால் பல தாய்மார்கள் குரல் பதிவாக அனுப்பிவிடுகிறார்கள். அன்பைச் சொல்ல அது மிகவும் பொருத்தம். அம்மாவின் குரலைப் பிள்ளை எத்தனை முறையும் கேட்டுக்கொள்வான். காய்ச்சலைப் பற்றிய பகுதி மட்டும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பேன், அதுவும் ஆங்கிலத்திலும் சேர்த்து. பிள்ளை நினைவு தடுமாறிக் கிடக்கும்போது அந்தச் செய்தியைப் பார்க்கப் போகிறவன் ஒடியாவோ இந்தியோ பேசும் அறைத்தோழன். சேர்ந்த முதல் வாரத்திலேயே அறைத்தோழனின் எண்ணை வாங்கி எனக்கு அனுப்பவும், என் எண்ணை அவனிடம் கொடுக்கவும் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

ராகிங்கைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதினேன். 1800-180-5522 என்ற இலவச எண்ணை அவன் கைபேசியில் பதிந்துவைத்து, அதில் கூப்பிடுவதற்கு என் அனுமதி தேவையில்லை என்று சொல்லியிருக்கிறேன். பெட்டியில் கொசுவலை இருக்கிறது. அதை மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருகினால்தான் பயன் என்பதை எழுதாமல், இங்கே கட்டிலிலேயே கட்டிக் காட்டினேன்.

விடுமுறையில் திரும்பி வந்த பிறகும் இந்தக் கவனம் தளரக் கூடாது. அங்கே கடித்த கொசுவால் வரும் காய்ச்சல், ஊர் வந்து சேர்ந்து வாரங்கள் கழித்தும் தொடங்கலாம். வைவாக்ஸ் என்னும் இன்னொரு வகை, கல்லீரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்தும் மீண்டும் வரும். அதனால்தான் அதற்குப் பிரைமாகுவின் மாத்திரையை 14 நாட்கள் சாப்பிடச் சொல்கிறார்கள். அதைத் தொடங்கும் முன் ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊர் மருத்துவர், மழைக்காலக் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலையும் டெங்குவையும்தான் முதலில் நினைப்பார். பையன் ஒடிசாவில் படிக்கிறான் என்பதை அவர் கேட்கும்வரை காத்திராமல், உட்கார்ந்ததும் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.