எறிந்து முடித்தவளின் இடத்தைக் குறிவையுங்கள்: த்ரோபாலில் அட்டாக்கும் டிஃபென்ஸும்

பெண்கள் த்ரோபால் டீமுக்குக் கோச்சிங் கொடுக்கிற பலர், அட்டாக்குக்கு ஒரு நாள், டிஃபென்ஸுக்கு ஒரு நாள் என்று பிரித்துவைக்கிறார்கள். வரிசையில் நின்று ஆளுக்குப் பத்து த்ரோ, பிறகு பத்து கேட்ச். இதில் கை பழகும், ஆனால் மேட்ச்சில் எங்கே எறிவது என்ற முடிவு பழகாது. த்ரோபாலில் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது என்பது என் உறுதியான கருத்து. பந்தைப் பிடித்தவளேதான் எறிய வேண்டும், கூட்டாளிக்குப் பாஸ் கொடுக்க முடியாது. பிடித்த நொடியில் அவள் டிஃபென்டர் வேலை முடிந்து அட்டாக்கர் வேலை தொடங்கிவிடுகிறது. அதற்கு அவளுக்குக் கிடைப்பது 3 நொடி.

அந்த 3 நொடி எதிரணிக்கும் சொந்தம் என்பதைத்தான் நாம் சொல்லிக்கொடுக்க மறந்துவிடுகிறோம். இவள் யோசிக்கிற நேரத்தில் அவர்கள் இடம் சேர்ந்துவிடுவார்கள். அதனால் வேகமாக எறிவதைவிட, எதிரணி ஒழுங்குக்கு வருவதற்குள் எறிவதுதான் முக்கியம்.

எதிரணியில் அதிகம் குலைந்திருப்பது யார்? சற்றுமுன் எறிந்தவள். முன்வரிசையில் குதித்து எறிந்த பெண்ணைக் கவனித்துப் பாருங்கள். தரையில் கால் பட்டதும், தன் பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். இரண்டு கையும் இடுப்புக்குக் கீழே தொங்கும். அந்த நேரத்தில் பந்து அவள் முழங்காலுக்கு வந்தால் பெரும்பாலும் பாயின்ட்தான்.

இதை வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். நான் இதற்கு ஒரு சின்ன ஆட்டம் வைக்கிறேன். கோர்ட்டின் அகலம் 12.20 மீட்டர், அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பக்கத்துக்கு 4 பேர், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. சர்வீஸ் கிடையாது. பந்து முதலிலேயே ஏ அணியின் முன்வரிசைப் பெண் கையில் இருக்கும். அவள் குதித்து எறிவதோடு ஆட்டம் ஆரம்பம். பி அணி அதைப் பிடித்து, எறிந்தவளின் இடத்திலேயே பந்தை விழவைத்தால் 2 பாயின்ட், வேறு எப்படி வென்றாலும் 1. ஐந்து பந்து முடிந்ததும் பக்கம் மாற வேண்டும். அவ்வளவுதான் விதி. எங்கே நிற்க வேண்டும் என்று நான் சொல்வதே இல்லை.

முதல் சில பந்துகளில் பி அணிக்கு 2 பாயின்ட் எளிதாக விழும். பிறகு ஏ அணி தானாகவே வழி தேடும். சில பெண்கள் எறிந்ததும் அரை அடி பின்வாங்கி, கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிவிடுவார்கள். சில அணிகளில் பின்னால் நிற்பவள் ஓடிவந்து அந்த இடத்தை மூடுவாள். இங்கேதான் ஒரு சிக்கல் வரும், வரவும் வேண்டும். எறிந்தவளும் மூட வந்தவளும் ஒரே பந்துக்குக் கை நீட்டுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் ஃபவுல். அதைப் பார்த்து இருவரும் விலகினாலோ பந்து தரையில். அப்போது மட்டும் நிறுத்தி ஒரே கேள்வி கேட்பேன்: "யாரு கூப்பிடணும்?" பின்னால் இருப்பவளுக்குத்தான் பந்தும் தோழியும் சேர்ந்து தெரியும். எனவே "எனக்கு" என்று சொல்ல வேண்டியவள் அவளே. இதை அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். பந்து நெட்டைத் தாண்டும்போதே குரல் வர வேண்டும். கைக்கு வந்த பிறகு கத்துவதால் பயனில்லை.

அடுத்தது இன்னும் சுவாரசியம். பின்னால் இருந்தவள் முன்னே வந்துவிட்டால் அவள் விட்டுவந்த மூலை காலி. பி அணியில் யாராவது ஒருத்தி அதைப் பார்த்து ஆழமாக எறிவாள். அதற்கு 1 பாயின்ட்தான் என்றாலும், அந்தத் த்ரோவைத்தான் நான் சத்தமாகப் பாராட்டுவேன். பாயின்டுக்காக ஒரே இடத்தில் எறிவதை விட்டு, கோர்ட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள் அல்லவா?

இன்னொன்றும் தானாகவே புரியும். கோர்ட்டின் கடைசியில் பிடித்தவள் எறிகிற பந்து வந்துசேர நேரமாகும். அதற்குள் எறிந்தவள் சுதாரித்துக்கொள்வாள். முன்வரிசையில் பிடித்தால்தான் இந்தத் தந்திரம் பலிக்கும். பின்னால் பிடித்தால் இரண்டு பேருக்கு நடுவே ஆழமாக எறிவதே மேல்.

ஆட்டம் சரியான அளவில் இருக்கிறதா என்பது ரேலியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எல்லாப் பந்தும் முதல் த்ரோவிலேயே முடிந்தால் அகலத்தைக் குறையுங்கள். பந்து போய்ப் போய் வந்துகொண்டே இருந்தால் ஒரு டிஃபென்டரை எடுத்துவிடுங்கள். பந்து கையில் வருமுன்பே எதிர்க்கோர்ட்டைப் பார்த்துக் கேட்சைக் கோட்டைவிடுகிறவர்கள் நிறைய இருந்தால், ஒரு சுற்றுக்கு 2 பாயின்ட் விதியை எடுத்துவிட்டு, பிடித்து, பார்த்து, எறியச் சொல்லுங்கள்.

கேட்சே இன்னும் உறுதியாகாத டீமுக்கு இதைத் தொடங்க வேண்டாம். பந்தில் பாதி கையிலிருந்து நழுவும்போது எறிந்தவளின் இடம் என்ற பேச்சே எழாது. கேட்ச் நிலைத்த பிறகு 4 பேர் ஆட்டத்தில் பழக்கி, அடுத்து முழுக் கோர்ட்டில் ஏழு பேருடன், அதே 2 பாயின்ட் விதியோடு ஒரு செட் ஆடவிடுங்கள். அங்கே மூட வருபவள் நடுவரிசைப் பெண். யார் யாருக்குப் பின்னால் மூடுவது என்று ஒவ்வொரு ஜோடியும் செட்டுக்கு முன்பே பேசிவைத்துக்கொள்ளட்டும்.