எக்ஸ்ரேயில் தெரியும் முள்ளும் காலையில் வரும் குதிகால் வலியும்

பிசியோதெரபிக்கு வரும் குதிகால் வலிக்காரர்கள் பெரும்பாலும் கையில் எக்ஸ்ரே படத்தோடும், "எலும்பு வளர்ந்திருக்கிறதாம்" என்ற கவலையோடும்தான் வருகிறார்கள். யூரிக் ஆசிட் பரிசோதனைச் சீட்டும் கூடவே இருக்கும். இவற்றை ஓரமாக வைத்துவிட்டு, வலி எப்போது வருகிறது, எந்த இடத்தில் வருகிறது என்று பொறுமையாகக் கேட்டாலே உள்ளங்காலின் திசுப்பட்டை நைந்து வலிக்கும் பிளான்டார் ஃபேசியைட்டிஸைப் பெரும்பாலும் அடையாளம் கண்டுவிடலாம் என்பது என் கருத்து.

துணிக்கடையில் நாள் முழுவதும் நின்று வேலை பார்க்கும், 45 வயதைக் கடந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலின் அடியில் சுரீரென்று குத்துகிறது. சுவரைப் பிடித்து நொண்டியபடி சமையலறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வலி தணிந்துவிடுகிறது. மதியம் சாப்பிட உட்கார்ந்து எழுந்ததும் மறுபடி குத்துகிறது. கடை அடைக்கும் நேரத்தில் குதிகால் கடுக்கிறது.

குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிப்பகுதிவரை ஓடும் உறுதியான திசுப்பட்டை, உள்ளங்காலின் வளைவைத் தாங்கிப் பிடிக்கிறது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் அது தளர்ந்து குறுகிக் கிடக்கிறது. எழுந்ததும் உடல் எடை முழுவதும் ஒரே நொடியில் அதை இழுப்பதால், ஏற்கெனவே நைந்திருக்கும் எலும்போரப் பகுதி வலிக்கிறது. நாலடி நடந்து திசு இளகியதும் வலி குறைகிறது.

அந்தப் பெண்ணின் குதிகாலின் அடியில், உட்பக்கமாகச் சற்று முன்னால் கட்டைவிரலால் அழுத்தினால், "அங்கேதான்" என்று காலை இழுத்துக்கொள்வார். கால் கட்டைவிரலை மேல்நோக்கி மடக்கினால் பட்டை இறுகி, சிலருக்கு அதே வலி வரும். வராவிட்டால் இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வந்தால் சந்தேகம் வலுப்படும்.

எக்ஸ்ரேயில் முள்போலத் தெரியும் அந்த எலும்பு வளர்ச்சி, வலியே இல்லாத பலருக்கும் இருக்கிறது. முள் இல்லாமலே வலியில் தவிப்பவர்களும் உண்டு. ஆகவே முள்ளைக் காட்டி அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லாக் குதிகால் வலியும் இதுவாகிவிடாது என்பதும் உண்மைதான். நடக்க நடக்க வலி கூடிக்கொண்டே போய், குதிகாலை இரு பக்கமும் சேர்த்து அமுக்கும்போது கடுமையாக வலித்தால், எலும்பில் நுண்ணிய முறிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எரிச்சலும் மரத்துப்போதலும் இருந்தால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். இளம் வயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரைமணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால், அவரை மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்புவதே சரி.