தாத்தா பேருக்கு வரும் வாட்ஸ்அப்

சுங்கை சிப்புட்டில் அம்மா போகும் கிளினிக்கிலிருந்து மறுபடியும் மெசேஜ்: "வணக்கம் முனியாண்டி, நாளை உங்களுக்கு பிரஷர் செக்அப்." ஐசியில் அம்மா பேர் Kamala A/P Muniandy. முனியாண்டி என் தாத்தா. அவர் செத்து எத்தனை வருஷம்! அம்மா போனையே வெறித்துப் பார்க்கிறார்.

எக்செல்லில் முழுப்பேரையும் ஒரே கட்டத்தில் போட்டு, கடைசிச் சொல்லைப் பிடுங்கி டெம்ப்ளேட்டில் ஒட்டினால் வேறென்ன வரும்? A/P-க்குப் பின்னால் இருப்பது அப்பா பேர் என்று தோட்டத்து ஊரில் யாருக்குத் தெரியாது? பதியும்போதே "எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டு, அதற்கென்று தனிக் கட்டம் வைத்தால் கை தேய்ந்துவிடுமா? அது காலியென்றால் வெறும் "வணக்கம்" போதாதா? கிளினிக்கில் கேட்டால், "சிஸ்டம் அப்படித்தான்மா." சிஸ்டமா பேரைப் பதிந்தது?